பிளஸ் டூ தேர்வும் மார்ச் கணக்கும்: லீவு கேட்ட அனுபவங்கள்

பேரேடு
பெண் பிளஸ் டூ. நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவு. பொதுத்தேர்வும் மார்ச்சில், வருடக் கணக்கு முடிப்பதும் மார்ச்சில். லீவு என்றாலே மேனேஜர் முகம் சுருங்கும் மாதம்.

கால அட்டவணை வந்ததுமே அதைக் காலண்டரில் குறித்துப் பார்த்தேன். தேர்வு நாளில் பத்தேகாலிலிருந்து ஒன்றேகால் வரை அவள் எழுதிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் நான் வீட்டில் சும்மாதான் இருக்க வேண்டும். "அந்த அஞ்சு மார்க் போச்சும்மா" என்று வந்து நிற்கிற மத்தியானத்தில்தான் ஆள் வேண்டும். அப்புறம் கணக்குக்கும் இயற்பியலுக்கும் முந்தின நாள். அதனால் மாதம் முழுக்கக் கேட்காமல், அந்த முந்தின நாட்களுக்கு முழு லீவும், தேர்வு நாட்களில் பிற்பகல் அரை நாளும் தேதி போட்டுக் கேட்டேன்.

அதே மெயிலில் அந்த மாத வரி வேலைகளை, 7-ஆம் தேதி டிடிஎஸ், 11-இல் ஜிஎஸ்டிஆர்-1, 15-இல் அட்வான்ஸ் டாக்ஸ், 20-இல் ஜிஎஸ்டிஆர்-3பி என்று எழுதி, ஒவ்வொன்றையும் யார் முடிப்பார் என்பதையும் சேர்த்தேன். 3பி வேலையை 18-க்குள் நானே முடித்துத் தருவதாகச் சொன்னேன். குடும்பம், கடமை பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதினால் பேச்சு தேதியை விட்டு என் வீட்டுக்குள் வந்துவிடும்.

"வீட்டிலிருந்தே வேலை பாருங்களேன்" என்றார் மேனேஜர். வேண்டாம் என்றேன். நாள் முழுக்க போன் வரும், அவளும் படிக்க முடியாது, வேலையிலும் கவனம் இல்லை என்ற பேர் எனக்கு மிஞ்சும். ஆடிட்டர் வரும் நாளை மட்டும் மறுத்தார். மற்றதெல்லாம் கிடைத்தது.

ராதாம்மா
எதற்கு இவ்வளவு கெஞ்சல்? பெண் ஊழியர்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு 730 நாள் இருக்கிறதே. உரிமையோடு கேட்கலாம், மறுக்கவே முடியாது.

பழைய எஸ்டாப்ளிஷ்மென்ட்
730 நாள் சரிதான் அம்மா. ஆனால் அது மத்திய அரசு விதி. பேரேடு தனியார் கம்பெனி. மத்திய அரசிலும் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று விதியே சொல்கிறது. முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பெண்களுக்கும், தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் மட்டும்தான்.

என் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் மூன்று இடத்தில் சிக்கல் வரும். ஒரு தடவை எடுத்தால் ஐந்து நாளுக்குக் குறையக் கூடாது, அதனால் தேர்வுக்குத் தேர்வு ஒரு நாள் என்று எடுக்க முடியாது. காலண்டர் வருடத்தில் மூன்று தடவைதான் (தனித்தாய்க்கு ஆறு). ஜனவரி திருப்புதல் தேர்வுக்கு ஒன்று, பிப்ரவரி செய்முறைத் தேர்வுக்கு ஒன்று என்று எடுத்துவிட்டால் மார்ச்சுக்கு ஒன்றுதான் மிச்சம். மூன்றாவது, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் தவிர மற்றவர்களுக்கு 18 முடிந்தால் இந்த விடுப்பே கிடையாது. ஒரு அம்மாவின் பையனுக்குத் தேர்வு நடுவிலேயே 18 முடிந்தது. பிறந்தநாளுக்கு முந்தின நாள் வரை இந்த விடுப்பு, அதற்குப் பின் ஈட்டிய விடுப்பு என்று பிரித்து எழுதச் சொன்னேன். பிரிக்காமல் கொடுத்திருந்தால் விண்ணப்பம் திரும்பியிருக்கும். ஐந்து நாள் தேவைப்படாதவர்கள் தற்செயல் விடுப்பையே எடுங்கள், லேசாக முடியும்.

மூணாம் ஷிப்ட்
நான் அப்பா. லீவு கேட்டதும் சூப்பர்வைசர் சொன்னது: "வீட்ல அம்மா இல்லையா?" அவளும் வேலைக்குப் போகிறவள்தான். அப்புறம் லீவை விட்டுவிட்டு, தேர்வு வாரங்களுக்கு நைட் ஷிப்டை மாற்றிக்கொண்டேன். மத்தியானம் பையன் வரும்போது நான் வீட்டில் இருந்தேன், தூங்கி வழிந்துகொண்டு. அவன் நீட் கோச்சிங் போகிறபோதும் இப்படிக் கேட்கலாமா?

பேரேடு
கோச்சிங் மாதக்கணக்கில் போகும் அண்ணா. இது தேதி தெரிந்த தேர்வுக்குத்தான் ஒத்துவரும்.

குழுத்தலைவர்
லீவு கொடுக்கிற பக்கத்திலிருந்து ஒன்று. ஜனவரியில் கேட்பவரைப் பற்றி யாரும் தப்பாக நினைப்பதில்லை. முதல் நாள் ராத்திரி "காய்ச்சல்" என்று மெசேஜ் போட்டு, மறுநாள் தேர்வு மையத்து வாசலில் நிற்பவரைப் பற்றித்தான் ஆபீஸில் பேச்சு வரும். ஆனால் பேரேடு சொன்ன அரை நாள் கணக்கு எனக்கு ஒத்துவராது. மத்தியானம் ஒரு மணிக்கு ஆள் எழுந்து போனால் அன்றைய வேலை பாதியில் நிற்கும். முழு நாளே எடுங்கள்.

பேரேடு
முழு நாளாகக் கேட்டிருந்தால் எனக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது சார். கணக்குப் பிரிவில் காலையில்தான் பேங்க் வேலை, அதை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். உங்கள் டீமில் எப்படியோ.