கலைச்சொல் விவாதம்: ‘ப்ரொபேஷன் ரிவ்யூ’ அழைப்புக்கு என்ன தலைப்பு வைக்கலாம்?

மலர்விழி, கோவை:

குழுவினருக்கு வணக்கம். பம்பு உதிரிபாகம் விற்கும் நிறுவனம் ஒன்றுக்குப் பணியாளர் கடிதங்களைத் தமிழில் எழுதிக்கொடுக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவரை ப்ரொபேஷன் முடிவதற்கு முன் பேச அழைக்கும் கடிதத்தில்தான் சிக்கல். பழைய கடிதத்தின் தலைப்பு ‘பணித்திறன் விசாரணைக்கான அழைப்பாணை’. வாங்குகிறவர் முதலில் கேட்பது, “நான் என்ன தப்பு செய்தேன்?” என்றுதான். ‘தகுதிகாண் பருவ மதிப்பீட்டு நேர்காணல்’ என்று மாற்ற நினைக்கிறேன். சரியாக வருமா?

இரத்தினம், மதுரை:

அம்மா, ‘விசாரணை’, ‘அழைப்பாணை’ இரண்டையும் உடனே எடுத்துவிடுங்கள். பயமுறுத்துகிறது என்பது மட்டும் காரணமில்லை. குற்றச்சாட்டு இருந்தால்தான் விசாரணை. தகுதிகாண் பருவத்தில் ஒருவர் வேலைக்குப் பொருந்தவில்லை என்று அனுப்புவது வேறு, தவறு செய்தார் என்று அனுப்புவது வேறு. இரண்டாவதற்கு முறையான விசாரணை நடத்தாமல் அனுப்பினால் அது தண்டனையாகிவிடும். அரசுப் பணி வழக்கான ஷம்ஷேர் சிங் வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் பார்த்தது இந்த வேறுபாட்டைத்தான். அழைப்பிலேயே ‘உங்கள் மீதான புகார்கள் குறித்து’ என்று ஒரு வரி இருந்தால், பின்னால் நிறுவனம் எப்படிச் சொன்னாலும் அந்த வரி எதிரே வந்து நிற்கும். புகார் இருந்தால் அதற்குத் தனிக் கடிதம், தனி நடைமுறை.

‘நேர்காணல்’ வேண்டாம். வேலைக்கு மறுபடி ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்து, சான்றிதழ்களை நகலெடுத்துக்கொண்டு வருவார். ‘மதிப்பாய்வுச் சந்திப்பு’ என்றால் இருவரும் பேசுவது என்று புரியும். என் பரிந்துரை: ‘தகுதிகாண் பருவ மதிப்பாய்வுச் சந்திப்பு’.

கதிர், சென்னை:

நீளமாக இருக்கிறதே ஐயா. தொழிலாளர் பேசும் வழக்கில் ‘கன்ஃபர்ம் ஆயிட்டானா?’ என்பதுதான் கேள்வி. ‘பணி நிரந்தரக் கூட்டம்’ போதாதா? எப்படியும் ஆறு மாதம் முடிந்து, எந்த ஆணையும் வராவிட்டால் ஆள் தானாக நிரந்தரம்தானே.

சிவகாமி, விழுப்புரம்:

இந்த இழையைப் பார்த்ததும் நிம்மதி. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. பணிவரன்முறை ஆணை வந்துவிட்டது, தகுதிகாண் பருவம் நிறைவு ஆணை இன்னும் வரவில்லை. விண்ணப்பத்தோடு என்னென்ன இணைக்க வேண்டும்? யாரைச் சந்திக்க வேண்டும்?

இரத்தினம், மதுரை:

சிவகாமி அம்மா, உங்களுடையது சந்திப்பு இல்லாத வழி. அங்கே பணிப்பதிவேட்டை வைத்துத்தான் ஆணை. இரண்டு ஆண்டுப் பணி, மூன்று ஆண்டுத் தொடர் காலத்துக்குள் முடிந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. நீண்ட விடுப்பு எடுத்திருந்தால் அந்த நாட்கள் கணக்கில் வருகின்றனவா என்று முதலில் பாருங்கள். தாமதம் பல சமயம் அங்கேதான். மற்றதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

கதிர் தம்பி சொன்னது பாதி சரி. தரம் சிங் வழக்கில் 1968-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதன்படி, விதியே ‘இதற்கு மேல் நீட்டிக்க முடியாது’ என்று உச்ச வரம்பு வைத்திருந்து, அதைத் தாண்டியும் ஆளை வைத்திருந்தால் உறுதி செய்ததாகக் கொள்ளலாம். வரம்பு இல்லாவிட்டால், ஆணை வரும்வரை அவர் தகுதிகாண் பருவத்திலேயே தொடர்கிறார். ஆகவே எல்லாம் நியமனக் கடிதத்தின் வாசகத்தைப் பொறுத்தது. தலைப்பில் ‘நிரந்தரம்’ என்று போட்டால் முடிவை முன்கூட்டியே சொன்னதாகிவிடும். பருவத்தை நீட்டித்தால் ஏமாற்றினார்கள் என்பார்.

இன்னொன்று. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41-இன்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிறுத்தத் தக்க காரணமும் ஒரு மாத அறிவிப்போ அதற்கான சம்பளமோ வேண்டும். ஆறு மாதப் பருவம் வைத்துள்ள கடை, கடைசி நாளன்று சந்திப்பு நடத்தினால் நிதானமாக முடிவெடுக்க இடமே இருக்காது. மூன்று வாரம் முன்னால் வையுங்கள்.

தர்சினி, யாழ்ப்பாணம்:

எங்களுக்கு ‘மீளாய்வு’ என்பதே பழகின சொல். ‘தகுதிகாண் கால மீளாய்வு’ என்றால் அலுவலகத்தில் எவருக்கும் விளங்கும். ‘நன்னடத்தை’ என்று மட்டும் ஒருவரும் எழுதிப்போடாதீங்கோ. அது நீதிமன்றத்தோடையும் சிறுவர் பராமரிப்போடையும் சேர்ந்த திணைக்களத்தின் பெயர்.

மலர்விழி, கோவை:

இங்கேயும் நன்னடத்தை அலுவலர் என்றால் நீதிமன்றம் சார்ந்தவர்தான் அக்கா. ஆனால் ‘மீளாய்வு’ என்றால் எங்கள் ஊரில், ஏற்கெனவே எடுத்த முடிவைத் திரும்பப் பார்ப்பதாகத் தோன்றும். இங்கே முடிவே இன்னும் எடுக்கவில்லை. அதனால் இரத்தினம் ஐயாவின் சொல்லை வைத்து, கிடங்கு உதவியாளர் ஒருவருக்கு வரைவு போட்டிருக்கிறேன்:

> பொருள்: தகுதிகாண் பருவ மதிப்பாய்வுச் சந்திப்பு – 12.11.2025, புதன், காலை 11 மணி
>
> நீங்கள் 2.6.2025 அன்று பணியில் சேர்ந்தீர்கள். உங்கள் தகுதிகாண் பருவம் 1.12.2025 அன்று முடிகிறது. இதுவரை நடந்த வேலையை உங்களோடு சேர்ந்து பார்த்து, உங்களைப் பணியில் உறுதி செய்வதா, பருவத்தை நீட்டிப்பதா, பணியை முடித்துக்கொள்வதா என்று முடிவு செய்யவே இச்சந்திப்பு. இது ஒழுங்கு நடவடிக்கை அல்ல.
>
> சந்திப்பு சுமார் 45 நிமிடம். கிடங்குக் கண்காணிப்பாளரும் பணியாளர் பிரிவு அலுவலரும் இருப்பார்கள். முதலில் நீங்கள் பேசுவீர்கள். பிறகு நியமனக் கடிதத்தில் உள்ள வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தமிழிலேயே பேசலாம்.
>
> இணைத்துள்ள ஒரு பக்கப் படிவத்தை நிரப்பி 10.11.2025-க்குள் தரவும். உங்கள் சாதனைகளைத் தயாரித்துக்கொண்டு வரவும்.
>
> முடிவு 24.11.2025-க்குள் எழுத்தில் தரப்படும்.

இரத்தினம், மதுரை:

மூன்று முடிவுகளையும் மறைக்காமல் எழுதியது நல்லது. பலர் ‘நீட்டிப்பு’ என்பதை விட்டுவிடுகிறார்கள். பிறகு அதுவே நடக்கும்போது சண்டை வருகிறது. நீட்டித்தால் எத்தனை மாதம், எதில் தேற வேண்டும் என்பதைப் பருவம் முடிவதற்குள் எழுத்தில் கொடுத்தாக வேண்டும்.

‘சாதனைகளைத் தயாரித்துக்கொண்டு வரவும்’ என்பதுதான் இந்த வரைவில் பலவீனமான வரி. கிடங்கு உதவியாளர் எதைச் சாதனை என்று எழுதுவார்? அவருடைய வேலையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வந்த சரக்கை அன்றே பதிந்தாரா என்பதற்குச் சரக்கு வரவுப் பதிவேடு. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்ததற்கு செப்டம்பர், அக்டோபர் இருப்புச் சரிபார்ப்புத் தாள்கள். கணக்குக்கும் கையிருப்புக்கும் வித்தியாசம் வந்திருந்தால் அதற்கு அவர் சொல்லும் காரணம். பம்புக்குள் போடும் ரப்பர் சீல் போன்ற, வைத்திருந்தால் கெட்டுப்போகும் பொருளில் பழையதை முதலில் அனுப்பினாரா என்பதும் அதில் தெரியும்.

இன்னொன்றும் கேளுங்கள்: தருவதாகச் சொல்லி இதுவரை தராத பயிற்சி எது? கணினியில் பில் பதியக் கற்றுத்தராமல், பதிவு தாமதம் என்று மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை. அதைச் சொல்ல அவருக்கு இந்த இடத்தை விட்டால் வேறு இடமில்லை. கண்காணிப்பாளரும் தன் குறிப்பை முன்பே அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். ஐந்து மாதம் வாயே திறக்காத குறையை அந்த அறையில் முதல்முறை கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது.

கதிர், சென்னை:

நிரந்தரம் பற்றிய விளக்கத்துக்கு நன்றி ஐயா. ஆனாலும் ‘மதிப்பாய்வு’ எனக்குத் தேர்வுத்தாள் திருத்துவது போலத்தான் கேட்கிறது. ‘தகுதிகாண் பருவச் சந்திப்பு’ என்று நிறுத்தினால் என்ன?

இரத்தினம், மதுரை:

அப்படி நிறுத்தினால் வழக்கமான மாதக் கூட்டம் என்று நினைத்து வெறுங்கையோடு வருவார், தம்பி. முடிவெடுக்கும் சந்திப்பு என்று தலைப்பே சொல்ல வேண்டும்.

தர்சினி, யாழ்ப்பாணம்:

நான் எங்கட பக்கத்துக்கு ‘மீளாய்வு’ என்றே வைக்கிறன். குழுவின் கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் ஊர்க் குறிப்போடு போடுங்கோ. மலர்விழி, படிவத்தையும் ஒருக்கா அனுப்புங்கோ. அதில் ‘சுயமதிப்பீடு’ என்று போட்டிருந்தால் அந்தச் சொல்லையும் பார்க்கவேணும்.