புதுப்பிப்பு: எஸ்ஓசி என்ற இணையப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்திலிருந்து, இடரையும் விதிப் பின்பற்றலையும் பார்க்கும் ஜிஆர்சிக்கு மாறி ஆறு மாதம்

“நாலு வருஷம் இரவு ஷிஃப்டில் அலர்ட் பார்த்தேன். ஜிஆர்சிக்குப் போனால் அதெல்லாம் வீணா?” (டர்பனிலிருந்து நான் கேட்டது)

வீணாகவில்லை. எங்கள் கொள்கையில் லாக்குகளை, அதாவது கணினிகளில் நடப்பதன் பதிவுகளை, 12 மாதம் வைத்திருப்போம் என்று இருந்தது. லாக் சேகரிப்பு ஓடுகிறது என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டைச் சான்றாகக் கொடுத்தார்கள். பழைய பழக்கத்தில், 200 நாளுக்கு முந்தைய ஒரு லாகினைத் தேடிக் காட்டச் சொன்னேன். வரவில்லை. கருவி 90 நாளில் அழித்துக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் தடுமாறினேன். “லாக் இல்லை, உடனே சரிசெய்க” என்று எழுதியதை மூத்த தணிக்கையாளர் அக்கா திருப்பி அனுப்பினார். “இது அலர்ட், தம்பி. என்ன இருக்கணும், என்ன இருக்கு, ஏன், அதனால் என்ன ஆகும், யார் எப்போ சரிசெய்வாங்க, இதெல்லாம் எங்கே?”

திரும்ப எழுதினேன். கருவியை மாற்றியபோது யாரும் கொள்கையோடு ஒப்பிடவில்லை, அதுதான் காரணம். நான்கு மாதம் கழித்து ஊடுருவல் தெரியவந்தால், தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின் 22ஆம் பிரிவுப்படி யாருக்கெல்லாம் அறிவிக்க வேண்டும் என்பதையே கண்டுபிடிக்க முடியாது.

என் கேள்விக்கு, சட்டத்தை மனப்பாடம் செய்தால் போதும் என்று ஒரு அண்ணா பதில் சொன்னது பாதி சரி. போப்பியாவின் 19ஆம் பிரிவு நியாயமான பாதுகாப்பைக் கேட்கிறது, ஆனால் நாள் கணக்கு சொல்வதில்லை.

சேமிப்புச் செலவைத் தவிர்க்கக் கொள்கையையே 90 நாளாகக் குறைக்கலாம் என்கிறார் லாக் கருவியின் பொறுப்பாளர். எனக்குச் சம்மதமில்லை. இடர் குழு இன்னும் முடிவெடுக்கவில்லை.