புதுப்பிப்பு: வீச்சுக் கூட்டல்களுக்கு வேறுபாட்டு அணி

“2 லட்சம் உறுப்புகள், 2 லட்சம் முறை l முதல் r வரை x கூட்டல், நேர வரம்பு மீறுகிறது. என்ன செய்யலாம்?”

செக்மென்ட் ட்ரீ கட்டாயம் என்றார் ஒருவர். அதுவும் சரியான விடையைத் தரும். ஆனால் மதிப்புகள் இறுதியில் மட்டுமே கேட்கப்படுவதால் d என்ற வேறுபாட்டு அணியே போதும் என்று அனுபவமிக்க இன்னொருவர் காட்டிய வழியே பலித்தது:

```
d[l] += x; d[r+1] -= x;
```

5 இடங்களில் 2–4க்கு 3, 4–5க்கு 5 கூட்டினால், d[1] முதல் d[6] வரை 0, 3, 0, 5, -3, -5 ஆகும். இடமிருந்து ஒருமுறை கூட்டிக்கொண்டே வந்தால் 0, 3, 3, 8, 5 கிடைக்கும், ஆறாவது இடத்தில் 0 வராவிட்டால் எங்கோ r+1 பிசகியிருக்கிறது. d-க்கு n+2 இடம் ஒதுக்குவதும், x பெரிதானால் `long long` வைப்பதும் அவசியம்.

இடையிடையே மதிப்பு கேட்கும் தன் கணக்குக்கும் இது பொருந்துமா என்றார் மற்றொருவர். அதற்கு ஃபென்விக் ட்ரீயே ஏற்றது. கூட்டலோடு பெருக்கலும் கலந்தால் என்ன செய்வதென்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.