சாடியில் ஊற்றும் தண்ணீர் ஓரத்தால் ஓடிவிடுகிறது, மண் நனையவே இல்லை. என்ன செய்யலாம்?

உப்புவெளி வீட்டுத்தோட்டம்:
வணக்கம். அக்காவின் பிரசவத்துக்காக ஆடி மாதம் மூன்று கிழமை மட்டக்களப்பில் நின்றேன். பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொல்லியிருந்தேன். நடுவில் கிணற்று மோட்டர் பழுதாகி அவனுக்கும் ஊற்ற முடியாமல் போயிற்று. கச்சான் காற்று எப்படி அடித்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வந்து பார்த்தால் மற்றதெல்லாம் ஓரளவு தப்பிவிட்டது. அம்மா நட்ட சிவப்பு ரோசா மட்டும் இலை சுருண்டு தொங்குகிறது. 10 அங்குலக் கறுப்பு பிளாஸ்டிக் சாடி, பையில் விற்கும் கறுப்புக் கலவை மண். காலையும் மாலையும் ஒரு பால்மா டின் தண்ணீர் ஊற்றுகிறேன், உடனேயே கீழ்த் தட்டு நிரம்பிவிடுகிறது. ஐந்து நாளாகியும் இலை நிமிரவில்லை. இன்றைக்கு விரலை விட்டுப் பார்த்தேன். மேலே ஒரு நகக்கண் அளவுதான் ஈரம், அதற்குக் கீழே மண் கோப்பித்தூள் மாதிரி உலர்ந்து கிடக்கிறது. இந்த மரத்தை எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

மூதூர் மாடித்தோட்டம்:
அக்கா, சாடியின் அடி ஓட்டை அடைபட்டிருக்கும். எனக்கும் இப்படித்தான் தண்ணீர் தேங்கி வேர் அழுகியது. கவிழ்த்து எடுத்து, அடியில் ஓட்டுத் துண்டு போட்டுத் திரும்ப நடுங்கள். சரிவரும்.

உப்புவெளி வீட்டுத்தோட்டம்:
தம்பி, தண்ணீர் தேங்கவில்லை. நிற்காமல் ஓடுவதுதான் பிரச்சினை.

பாலையூற்று நாற்றுமேடை:
தங்கச்சி, அந்தக் கன்றை இப்போதைக்குக் கவிழ்க்க வேண்டாம். காய்ந்த வேரை அசைத்தால் இருக்கிற நுனியும் அறுந்துவிடும். முதலில் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, மேல் ஈரத்தை விலக்கி உலர்ந்த மண்ணை வெளியே தெரியவிட்டு, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நல்ல மண் ஐந்து விநாடிக்குள் குடித்துவிடும். சொட்டு சேப்பங்கிழங்கு இலையில் நிற்கிற மாதிரி உருண்டு நின்றால் மண் தண்ணீரைத் தள்ளுகிறது என்று அர்த்தம்.

இரண்டு, சாடியைத் தராசில் வையுங்கள். ஒரு லீற்றர் அளந்து ஊற்றுங்கள். வழிந்து முடிந்ததும் தட்டைக் கழற்றிவிட்டு மறுபடி நிறுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. எவ்வளவு உள்ளே நின்றது என்று தராசு சொல்லும்.

உப்புவெளி வீட்டுத்தோட்டம்:
பார்த்தேன் அண்ணா. சொட்டு ஒரு நிமிடம் கடந்தும் மணி மாதிரி நிற்கிறது, சுற்றிவர மண்தூளைப் போர்த்துக்கொண்டு. சாடி 2.6 கிலோ இருந்தது, ஒரு லீற்றர் ஊற்றிய பிறகு 2.7. மிச்சம் முழுக்கத் தட்டில்! மண்ணுக்கும் சாடிச் சுவருக்கும் இடையில் சுண்டுவிரல் நுனி போகிற அளவு இடைவெளி இருக்கிறது. இவ்வளவு நாள் அதைக் கவனிக்கவே இல்லை.

பாலையூற்று நாற்றுமேடை:
அந்த இடைவெளிதான் வழி. இந்தப் பைக் கலவைகளில் பெரும்பாலும் பீட் இருக்கும், மட்கிய இலை தழை இருக்கும். ஈரமாக இருக்கும்வரை பஞ்சு மாதிரித் தண்ணீரைப் பிடிக்கும். முழுக்கக் காய்ந்தால் அதே பொருளின் மெழுகுத் தன்மை வெளிப்பக்கம் வந்துவிடும், மண்ணும் சுருங்கிச் சுவரை விட்டு விலகும். பிறகு நீங்கள் வாளி வாளியாக ஊற்றினாலும் தண்ணீர் லேசான வழியாலேயே போகும். மண் கட்டியின் வெளித்தோல் நனையும், நடுவில் வேர் இருக்கிற இடம் காய்ந்தே கிடக்கும்.

மேலே ஊற்றுவதை நிறுத்துங்கள். ஒரு பெரிய வாளியில் தண்ணீர் பிடித்து இரண்டு மணித்தியாலம் வெயிலில் வையுங்கள். கைக்கு இதமான சூடு போதும், அதற்கு மேல் வேண்டாம். குளிர்ந்த தண்ணீரைவிட இளஞ்சூட்டுத் தண்ணீர் இந்த மண்ணுக்குள் சீக்கிரம் இறங்கும். அதற்கிடையில் பழைய குடைக்கம்பி ஒன்றால் மண்ணில் ஏழெட்டு இடத்தில் அடிவரை குத்துங்கள். தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிக் குத்துங்கள், வேர் தடக்கினால் இடத்தை மாற்றுங்கள்.

பிறகு வாளியை நிழலுக்குள் கொண்டுபோய்ச் சாடியை உள்ளே இறக்குங்கள். முதலில் மிதக்கும், சாயாமல் இரண்டு பக்கமும் கல் வைத்துப் பிடியுங்கள். வெளித்தண்ணீர் சாடிக்குள் இருக்கும் மண் மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் கலவை மிதந்து வெளியே போய்விடும். குமிழி வந்துகொண்டே இருக்கும். நிற்கிற நேரத்தில் எடுத்து, வடியவிட்டு, நிறுத்துப் பாருங்கள்.

மூதூர் மாடித்தோட்டம்:
நான் முதலில் தவறாக விளங்கிக்கொண்டேன், மன்னிக்கவும். ஆனால் இதற்குச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றினால் உடனே இறங்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு பிடி சலவைத்தூள் கரைத்து ஊற்றலாம்தானே?

பாலையூற்று நாற்றுமேடை:
தம்பி, வழி சரி, அளவும் பொருளும் பிழை. சவர்க்காரம் தண்ணீரை வழுக்கி உள்ளே போகப் பண்ணும், அது உண்மை. ஆனால் சலவைத்தூளில் காரமும் உப்பும் இருக்கிறது, வேரைச் சுடும். கட்டிச் சவர்க்காரத்தை நம் கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால் தயிர் மாதிரித் திரிந்து மண்ணில் படியும். போடுவதென்றால் பாத்திரம் கழுவும் திரவம், 5 லீற்றருக்கு நாலைந்து சொட்டு, ஒரே ஒரு தடவை. நான் சாதாரணமாக அதுவும் போடுவதில்லை. ஊறவைத்தும் நனையாவிட்டால் மட்டும் எடுப்பேன்.

நிலாவெளித் தோட்டக்காரர்:
இதைப் படித்ததும் என் காணி ஞாபகம் வந்தது. கடற்கரைப் பக்கம் சவுக்கு மரத்தடியில் கத்தரி வைத்தேன். சொட்டு நீர் போட்டால் மணல்மேல் முத்து முத்தாக உருண்டு பள்ளத்துக்கு ஓடுகிறது. ஒரு சாண் தோண்டினால் மணல் வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது. மணலுமா தண்ணீரைத் தள்ளும்? நான் கண்ணுக்குத் தெரியாத உப்பு என்றுதான் நினைத்தேன்.

பாலையூற்று நாற்றுமேடை:
மணல்தான் அண்ணா சீக்கிரம் மாட்டும். களிமண்ணைவிட மணல் துகள் பெரிது, மேற்பரப்பு குறைவு. உக்கும் இலையிலிருந்து வரும் மெழுகு கொஞ்சம் இருந்தாலே எல்லாத் துகளையும் பூசிவிடும். அவுஸ்திரேலியாவின் மேற்குப் பக்கத்தில் பெரிய பெரிய வயல்களிலேயே இந்தக் கரைச்சல் இருக்கிறது, மணலோடு களிமண் கலந்து சமாளிக்கிறார்கள். உங்கள் காணிக்கு எவ்வளவு களி தேவை என்று பார்க்காமல் சொல்ல முடியாது. ஒரு பாத்தியில் மட்டும் குளத்து வண்டல் கலந்து பாருங்கள்.

உப்புவெளி வீட்டுத்தோட்டம்:
நேற்றுப் பின்னேரம் செய்தேன். சாடி மிதந்தது, இரண்டு செங்கல் வைத்தேன். முதல் அரை மணித்தியாலம் குமிழி கொதிக்கிற மாதிரி வந்தது. ஒன்றரை மணித்தியாலத்தில் நின்றுவிட்டது. வடியவிட்டு நிறுத்தால் 4.4 கிலோ. எனக்குச் சரியான சந்தோசம். ஆனால் குடைக்கம்பியை நடுவில் குத்தி எடுத்தால் நுனியில் கொஞ்சமும் மண் ஒட்டவில்லை, தூள்தான் உதிர்கிறது.

பாலையூற்று நாற்றுமேடை:
நடு இன்னும் குடிக்கவில்லை. இன்றைக்கு இன்னொரு தடவை வையுங்கள். வெளிப்பக்கம் நனைந்திருப்பதால் இந்தமுறை ஈரம் உள்ளே பிடித்துக்கொண்டு போகும். இரவு முழுக்க வாளியில் விட்டுவிட வேண்டாம். காற்றில்லாமல் வேர் மூச்சு முட்டும், காய்ந்து பலவீனமான வேர் என்றால் இன்னும் கெதியில் அழுகும். என் கணக்கில் ஒரு தடவைக்கு இரண்டு மணித்தியாலம் போதும்.

மூதூர் மாடித்தோட்டம்:
இவ்வளவு கஷ்டப்படாமல் பெரிய சாடிக்கு மாற்றி, சுற்றிவரத் தும்புச்சோறு போட்டால் என்ன? தும்புச்சோறு இருந்தால் இந்தப் பிரச்சினையே வராது என்கிறார்கள்.

பாலையூற்று நாற்றுமேடை:
பீட்டைவிடத் தும்புச்சோறு காய்ந்த பிறகும் லேசாக நனையும், அதுவரை சரி. ஆனால் நடுவில் உலர்ந்த கட்டியை வைத்துச் சுற்றிவரப் புதுக் கலவை போட்டால் தண்ணீர் முழுக்கப் புதுக் கலவைக்குள் போகும். மேலே தொட்டால் ஈரம், மரம் தாகத்தில் சாகும். வாடிக்கையாளர் கொண்டுவந்து காட்டிய எத்தனையோ கன்றைக் கவிழ்த்துப் பார்த்து இதைக் கண்டிருக்கிறேன். எந்தக் கலவைக்கு மாற்றுவதென்றாலும் பழைய கட்டி நடுவரை நனைந்த பிறகுதான் மாற்ற வேண்டும். தும்புச்சோற்றில் உப்பும் இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, தேயிலைச் சாயம் மாதிரி வரும் தண்ணீர் வெளிறும்வரை இரண்டு மூன்று தடவை மாற்றிவிட்டுப் பாவியுங்கள்.

உப்புவெளி வீட்டுத்தோட்டம்:
இரண்டாவது தடவை முடிந்தது. 5.8 கிலோ! கம்பி நுனிவரை ஈர மண் ஒட்டிக்கொண்டு வருகிறது. சுவரோர இடைவெளியும் பாதிக்குமேல் மூடிவிட்டது. மிச்ச இடைவெளியை என்ன செய்வது? எங்கள் கிணறு கோடையில் கொஞ்சம் உவர்ப்பு, அது பரவாயில்லையா?

பாலையூற்று நாற்றுமேடை:
மிச்ச இடைவெளிக்கு அதே கலவையை முதலில் பிசைந்து, ஈரமாக்கி, ஓரத்தால் விரலால் மெல்ல அழுத்தி நிரப்புங்கள். உலர்ந்ததைப் போட்டால் பழைய கதைதான்.

உவர்ப்பு என்று சொன்னது நல்லது. கீழிருந்து ஊறும் தண்ணீர் மேலே வந்து ஆவியாகிப் போகும்போது உப்பை மண்ணின் மேல்பக்கம் விட்டுவிட்டுப் போகும். அதனால் இப்போது மண் குடிக்கிற நிலையில் இருக்கும்போதே நல்ல தண்ணீர் இரண்டு லீற்றர் மேலிருந்து மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள், அந்தத் தட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஊறவைப்பதைத் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம். பசளை இப்போது போடவே கூடாது.

உப்புவெளி வீட்டுத்தோட்டம்:
ஒன்பதாவது நாள். தெற்குப் பக்கக் கொப்பு ஒன்று முழுக்கக் கறுத்துவிட்டது, கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இல்லை. மற்ற இரண்டிலும் கணுவில் செம்பு நிறத்தில் குருத்து வந்திருக்கிறது. அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். சாடி இப்போது 4.1 கிலோ. எப்போது ஊற்றுவது என்றுதான் பயமாக இருக்கிறது. கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை.

பாலையூற்று நாற்றுமேடை:
கறுத்த கொப்பைப் பச்சை தெரியும் இடம்வரை வெட்டுங்கள். முழுக்க நனைந்த நிறை 5.8, உலர்ந்தது 2.6. நடுப்புள்ளி 4.2. அதற்குக் கீழே போகவிட வேண்டாம், ஆகவே இன்று பின்னேரம் ஊற்றுங்கள். ஒரே மூச்சில் ஊற்றாமல் அரை டின், பத்து நிமிடம் பொறுத்து மறுபடி அரை டின், அப்படியே தட்டில் கொஞ்சம் வடியும்வரை. நாலைந்து தடவை நிறுத்தால் பிறகு தூக்கிப் பார்க்கும்போதே கைக்குத் தெரியும். மேலே வைக்கோல் அல்லது காய்ந்த இலை இரண்டு விரல் தடிப்புக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல். சாடி கறுப்பு என்றீர்கள், மேற்கு வெயில் சுவரில் நேராகப் படாத இடத்துக்கு மாற்றுங்கள். கச்சான் ஓயும்வரை அங்கேயே இருக்கட்டும்.

நிலாவெளித் தோட்டக்காரர்:
ஒரு பாத்திக்கு வண்டல் கலந்திருக்கிறேன் தம்பி. சொட்டு இன்னும் உருள்கிறது, ஆனால் முன்னையை விடக் கெதியாக இறங்குகிறது. மழைக்கு முன் இன்னொரு தடவை கலக்கவா, அல்லது மழை முடியட்டுமா?