கலைச்சொல்: 'முதன்மை மாதவிடாயின்மை' பொருந்துமா?

செந்தில்

குழுவினருக்கு வணக்கம். செவிலியர் பாடநூல் ஒன்றைத் தமிழில் பெயர்க்கிறேன். மாதவிடாய் ஒருமுறைகூட வராத பெண், வந்து நின்றுபோன பெண் என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். 'முதன்மை மாதவிடாயின்மை', 'இரண்டாம்நிலை மாதவிடாயின்மை' என்பவை புழக்கத்தில் உள்ளன. 'முதன்மை' என்றால் முக்கியமானது என்றோ முதல் கட்டம் என்றோதான் மாணவி எடுத்துக்கொள்வாள். 'பூப்பெய்தாமை', 'மாதவிடாய் நிறுத்தம்' என்று வைக்கலாமா?

இராமசாமி

தம்பி செந்தில், தொல்காப்பியத்தில் பூப்பு என்பது மாதந்தோறும் வருவதைக் குறிப்பது. ஆகவே 'பூப்பின்மை' ஒன்றே இரண்டுக்கும் போதும். முன், பின் என்று அடை சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் 18 வயதுவரை பொறுத்துப் பார்ப்பார்கள். அதனால் வயதைப் பற்றிக் கவலைப்படாமல் சொல்லை அமைக்கலாம்.

கல்பனா (மகப்பேறு மருத்துவர்)

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் 18 வரை பொறுக்கக் கூடாது. 15 வயதாகியும் வராவிட்டால் பார்க்க வேண்டும். மார்பு வளர்ச்சியே தொடங்கவில்லை என்றால் 13லேயே பார்க்க வேண்டும். 'நிறுத்தம்' என்ற சொல் ஐம்பதை ஒட்டி வருவதற்குப் போய்விட்டது. இளம்பெண்ணுக்கு அதைப் போட்டால் வீட்டார் பயந்துவிடுவார்கள்.

தாமதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு பெண்ணைச் சொல்கிறேன். 17 வயது, நல்ல உயரம், மார்பு வளர்ச்சி முழுமை, வயிற்றுவலி கிடையாது. வெளியில் பல மாதம் 'வரவழைக்கும் மாத்திரை' கொடுத்திருக்கிறார்கள், ஸ்கேன் எடுக்கவில்லை. மார்பு வளர்ந்திருக்கிறது என்றால் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. அப்படியானால் அடுத்த கேள்வி, கருப்பை இருக்கிறதா என்பதுதான். ஸ்கேனில் கருப்பை இல்லை, சினைப்பைகள் இருந்தன. எத்தனை மாத்திரை கொடுத்தாலும் இரத்தம் வர வழியில்லை.

இந்த இடத்தில் இரண்டு காரணங்களைப் பிரித்தறிய வேண்டும். மறைவிட முடி இயல்பாக வளர்ந்து, டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்குரிய அளவில் இருந்து, குரோமோசோம் 46 எக்ஸ்எக்ஸ் என்று வந்தால், பிறவியிலேயே கருப்பை உருவாகவில்லை. முடி மிகக் குறைவாகவும் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களின் அளவிலும் இருந்தால், குரோமோசோம் எக்ஸ்ஒய் ஆக இருக்கும். அந்த ஹார்மோனை உடம்பு ஏற்பதில்லை. இந்தப் பெண்ணுக்கு முதல் வகை. சிறுநீரகக் குறையும் கூடவே இருக்கக்கூடும் என்பதால் அதையும் ஸ்கேன் செய்தோம். ஒரு பக்கம் சிறுநீரகம் இல்லை. அதை அவள் அன்றுதான் அறிந்தாள்.

மாலதி

டாக்டர், என் மகளுக்கு 20 வயது. மாதாமாதம் சரியாக வந்துகொண்டிருந்தது. ஹாஸ்டல் போனபிறகு சாப்பாட்டைக் குறைத்து 9 கிலோ இளைத்துவிட்டாள், இப்போது 5 மாதமாக வரவில்லை. இது 'இரண்டாம்நிலை' என்கிறார்கள். இரண்டாவது என்றால் அவ்வளவு மோசமில்லை என்றுதானே அர்த்தம்?

கல்பனா

இல்லைங்க அம்மா, முன்பு வந்து பிறகு நின்றது என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை. ஒழுங்காக வந்தவளுக்கு 3 மாதம் வராவிட்டாலே பார்க்க வேண்டும். முதலில் கர்ப்பப் பரிசோதனை. வருத்தப்படாதீர்கள், இதை எல்லாரிடமும் செய்கிறோம். ஒருமுறையும் வராத பெண்ணிடமும் செய்கிறோம். பிறகு இரத்தத்தில் தைராய்டு, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின், சினைப்பையை இயக்க மூளையிலிருந்து வரும் எஃப்எஸ்எச் ஆகிய ஹார்மோன்களைப் பார்ப்போம். எஃப்எஸ்எச் மிக உயர்ந்து, ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் அப்படியே இருந்தால் சினைப்பை ஓய்ந்துவருகிறது. உங்கள் மகளுக்கு அது தாழ்வாகவோ சாதாரணமாகவோ வரும் என்று நினைக்கிறேன். எடை இறங்கியதும் மூளை கட்டளையைக் குறைத்துக்கொள்கிறது. ஆனாலும் மற்ற காரணங்களை விலக்காமல் அப்படி முடிவுகட்டக் கூடாது. கருத்தடை மாத்திரை கொடுத்தால் மாதாமாதம் இரத்தம் வரும், எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். உள்ளே ஈஸ்ட்ரோஜன் குறைந்தது குறைந்தபடியே இருந்து எலும்பு தேயும். முதல் மருந்து அவள் தட்டில் இருக்கிற சோறுதான்.

செந்தில்

மாலதி அம்மா கேட்டதே என் ஐயத்தை உறுதிப்படுத்திவிட்டது, எண்ணை எடுத்துவிடுகிறேன். ஒருமுறையும் வராததற்குப் 'பூப்பெய்தாமை', வந்து நின்றதற்கு 'மாதவிடாய் இடைநிற்பு'. மீண்டும் வரலாம் என்பது 'இடை'யில் இருக்கிறது.

கல்பனா

இடைநிற்பை ஏற்கிறேன். பூப்பெய்தாமையில் ஒரு சிக்கல். கன்னித்திரையில் துளையில்லாத சிறுமிக்கு மாதந்தோறும் அடிவயிறு வலிக்கும், சிலருக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளும். மாதவிடாய் உள்ளே நடக்கிறது, இரத்தம் வெளியே வராமல் தேங்குகிறது. ஒரு சின்ன அறுவையில் சரியாகிவிடும். அவளைப் பூப்பெய்தாதவள் என்று எழுதினால், வலியைக் கேட்காமல் செவிலி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள்.

இராமசாமி

அதற்கு 'அகப்பூப்பு' என்று தனிச்சொல் ஆக்கலாம்.

கல்பனா

அழகாக இருக்கிறது ஐயா, ஆனால் அடைப்பு என்பது அதில் தெரியவில்லையே. 'அடைபட்ட மாதவிடாய்' என்றால் கேட்டதும் புரியும்.

இராமசாமி

அது விளக்கம் அம்மா, சொல் ஆகாது.

செந்தில்

இரண்டையும் குறித்துவைத்திருக்கிறேன். அந்த இயலைக் கடைசியாக அச்சுக்கு அனுப்புகிறேன். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.