காரணம் எழுதாம அண்டைக்கே விலகினவங்கள் இருக்கிறீங்களா?

வெள்ளவத்தைக்காரி

நோட்டீஸ் குடுக்காம ஒரே நாளில வெளியேறினவங்களுக்குத்தான் இது. உள்ளுக்க என்ன நடந்தது எண்டு எழுத மாட்டன். அப்பிடியான இடத்தில இருந்தவங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இல்லாதவங்களுக்கு அது வெறும் வம்பு. கோட்டையில ஒரு கொம்பனி, கணக்குப் பகுதி, 3 வருசம் 7 மாசம். ஒரு புதன்கிழமை பின்னேரம் மீட்டிங் முடிஞ்சு வெளியில வரேக்க, நாளையோட சரி எண்டு முடிவெடுத்திட்டன்.

அண்டிரவு எழுதின முதல் லெட்டர் இரண்டரைப் பக்கம். திகதி, நேரம், ஆர் என்ன சொன்னது, பக்கத்தில ஆர் நிண்டது, எல்லாம் இருந்தது. அக்கா வாசிச்சிட்டு ஒண்டுதான் கேட்டா: "இதை வாசிச்சு ஃபைலில போடப்போறது ஆர்?" நான் ஆரைப் பற்றி எழுதினனோ, அந்தாளின்ர ஆக்கள்தான். பிறகு அழிக்கத் தொடங்கினன். விடிய ரெண்டு மணிக்கு மிஞ்சினது கொஞ்ச வரிதான். லெட்டர் இங்கிலீசிலதான் போனது, தமிழில சொன்னா இப்பிடி:

"தங்கள் நிறுவனத்தில் நான் வகிக்கும் கணக்கு உதவியாளர் பதவியிலிருந்து இன்று, 14ஆம் திகதி, அலுவலக நேரம் முடிவடைவதுடன் விலகுகிறேன். நியமனக் கடிதத்தின்படி வழங்கவேண்டிய ஒரு மாத முன்னறிவித்தலை என்னால் வழங்க இயலவில்லை. அதற்கு ஈடாக அக்கடிதத்தில் குறிப்பிடப்பட்ட தொகையை எனது இறுதிக் கொடுப்பனவில் கழித்துக்கொள்ளலாம். மடிகணினி, நுழைவு அட்டை, அலுமாரிச் சாவி ஆகியவற்றை இத்துடன் ஒப்படைக்கிறேன். முடிவடையாத வேலைகளின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. சேவைச் சான்றிதழை எனது வீட்டு முகவரிக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

"வருத்தத்துடன்" எண்ட சொல்லை மூண்டு தரம் போட்டு மூண்டு தரம் எடுத்தன். வருத்தம் இல்லையே, பிறகென்னத்துக்கு?

எச்.ஆர். பிள்ளை வாசிச்சா. முடிஞ்சதும் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தா. வெறும் வெள்ளை. பிறகு மெதுவாக் கேட்டா, "காரணம்?" சிஸ்டத்தில அதுக்கு ஒரு பெட்டி இருக்காம், நிரப்பாட்டி அடுத்த பக்கம் திறக்காதாம். "தனிப்பட்ட காரணம் எண்டு போடட்டா அக்கா?" எண்டா. நான் தலையாட்டிட்டன்.

இரவிரவா இருந்து ஒரு பொய்யும் இல்லாம எழுதின லெட்டர். ரெண்டு மாசமாச்சு, அந்தத் தலையாட்டல் இன்னும் உறுத்துது.

100ஆம் நம்பர் பஸ்

தங்கச்சி, லெட்டர் நல்லாத்தான் இருக்கு, ஆனா அவசரப்பட்டிட்டீங்கள். நோட்டீஸ் குடுக்காமப் போனா ஈ.பி.எஃப். காசைப் பிடிச்சு வைச்சிடுவாங்கள். எனக்குத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தனுக்கு நடந்தது.

என்ர கதை வேற. நானும் உங்களை மாதிரி சண்டை பிடிக்காம நாலு வரிதான் எழுதினன், ஆனா ஒப்பீஸ் ஈமெயிலில. 10.20க்கு அனுப்பிப்போட்டு கீழ இறங்கி ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வாறன், ஸ்கிரீன் பாஸ்வேர்ட் கேக்குது. அடிச்சா பிழையாம். திரும்பவும் அடிச்சன், பிழை. செக்கியூரிட்டி அண்ணை பின்னால வந்து நிண்டுகொண்டு என்ர சாப்பாட்டுப் பெட்டியை ஒரு பையில போட்டுத் தந்தார். நான் அனுப்பினதுக்கு என்னட்ட ஒரு கொப்பியும் இல்லை. பிறகு வந்த கடிதத்தில நான் சொல்லாமக் கொள்ளாம வேலையைக் கைவிட்டுப் போனவன் எண்டு இருந்தது. எவ்வளவு மரியாதையா எழுதி என்ன, எழுதினதைக் காட்ட ஒண்டும் இல்லையே.

பழைய எச்.ஆர்.

மேலே எழுதிய தம்பி மன்னிக்க வேண்டும், ஈ.பி.எஃப். பற்றிச் சொன்னது பிழை. உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளி போடும் 12 வீதம், இரண்டும் உங்கள் பெயரில் போய்ச் சேருகின்றன. ஈ.டி.எஃப். 3 வீதமும் அப்படித்தான். நோட்டீஸ் தராததற்காக அதில் கைவைக்க எந்தக் கொம்பனிக்கும் உரிமை இல்லை. உங்களுக்குத் தெரிந்தவருக்கு என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம்: வேலையை விட்டவுடன் ஈ.பி.எஃப். காசை எடுக்கலாம் என்று போயிருப்பார். பொதுவாக ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது வரும்வரை அது கைக்கு வராது. அதைத்தான் பிடித்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

வெள்ளவத்தைப் பிள்ளைக்கு. நான் 20 வருடத்துக்கு மேல் மேசையின் மறுபக்கத்தில் இருந்தவன். தொழில் நியாயசபை விசாரணைகளில் கொம்பனிக்காகப் போய்க் குந்தியிருக்கிறேன். "என்னை வெளியேற்றினார்கள், நானாக விலகவில்லை" என்று ஒருவர் வழக்குப் போட்டால், எங்கள் பக்க லோயர் முதலில் எடுத்து நீட்டுவது அவருடைய விலகல் கடிதத்தைத்தான். அதில் "எனது சொந்த விருப்பத்தின் பேரில்" என்றோ "தனிப்பட்ட காரணங்களுக்காக" என்றோ இருந்துவிட்டால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. அதை எழுதியவர் மரியாதைக்காக எழுதியிருப்பார், நாங்கள் அதையே ஒப்புதல் வாக்குமூலமாக வாசிப்போம்.

யாரையும் குற்றம் சொல்லாமல் எழுதுவது வேறு, இல்லாத காரணத்தை எழுதுவது வேறு. உங்கள் கடிதம் முதலாவது வகை. காரணமே இல்லை, ஆகவே பிடிக்க எதுவும் இல்லை. அந்தப் பெட்டியில் விழுந்தது இரண்டாவது வகை. அந்தப் பிள்ளை கேட்டபோது "கடிதத்தில் உள்ளபடி என்று போடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். பெட்டி நிரம்பினால் சிஸ்டத்துக்குப் போதும், என்ன நிரம்புகிறது என்று அது பார்க்காது. சிஸ்டத்தில் அவர் தட்டியது உங்கள் கையெழுத்து ஆகாது. ஆனால் வெளியேறும்போது ஒரு படிவம் தந்திருப்பார்களே, அதில் கையெழுத்து வைத்தீர்களா?

அந்த இரண்டரைப் பக்கத்தை அழித்திருந்தால் திரும்ப எழுதி, திகதி போட்டு வீட்டில் வையுங்கள். முறையிட வேண்டி வந்தால் அது தனிக் கடிதமாக, தொழில் திணைக்களத்துக்குப் போக வேண்டியது. விலகல் கடிதத்தோடு கலக்கக்கூடாது.

தெமட்டகொட நானா

எல்லாரும் லெட்டரப் பத்தித்தான் பேசுறீங்க. என்டது லெட்டர் பிரச்சினையில்ல, கலண்டர் பிரச்சினை.

கோபத்துல ஒரு திங்கக்கிழமை எழுதிக் கொடுத்துட்டு வந்தேன். நல்ல லெட்டர், யாரையும் ஒரு வார்த்தை சொல்லல்ல. ராத்திரி சாப்பிட்டு முடிச்சி வாப்பா கேட்டார், "எப்ப சேர்ந்த மகன் நீ?" சொன்னேன். ஃபோன எடுத்து விரல்ல எண்ணி எண்ணிப் பார்த்தார். 5 வருசத்துக்கு ஏழு கிழமை குறையுது. பணிக்கொடைக்கு 5 வருசம் முழுசா முடியணும், 4 வருசம் 10 மாசத்துக்கு ஒண்ணுமில்ல. என்ட சம்பளம் 80,000. வருசத்துக்கு அரை மாசம், 40,000. அஞ்சு தரம் 2 லட்சம். வாப்பா அந்த நம்பர என்கிட்ட காட்டவே இல்ல, ஃபோனக் கவுத்து வெச்சிட்டு எழும்பிப் போனார்.

மரியாதையா எழுதுறது எப்படின்னு கேக்குறதுக்கு முந்தி சேர்ந்த திகதியப் பாருங்க. ஏழு கிழமைதான், பல்லக் கடிச்சிட்டு இருந்திருப்பேன்.

வெள்ளவத்தைக்காரி

நானா, எனக்கு 3 வருசம் 7 மாசம். இன்னும் ஒண்டரை வருசம் பல்லைக் கடிச்சா பல்லு மிஞ்சாது.

ஹட்டன் பொண்ணு

உங்களுக்கெல்லாம் நியமனக் கடிதம் இருக்கு, அதுல நோட்டீஸ் எத்தன நாள்னு இருக்கு. நான் புறக்கோட்டைல துணிக்கடைல ரெண்டு வருசம் நின்னேன், ஒரு துண்டுப் பேப்பர் கெடையாது. சம்பளம் மாசாமாசம் கையில. நிக்க முடியாதுன்னு ஆனப்புறம் ரூம்ல இருந்த அக்கா ஒருத்தவங்கதான் எழுதிக் குடுத்தாங்க: "இன்றுடன் வேலையிலிருந்து விலகுகிறேன். இம்மாதம் வேலை செய்த 11 நாட்களுக்குரிய சம்பளத்தைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான். எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு. முதலாளிய நாலு கேள்வி கேட்டு எழுதுவாங்கன்னு நெனச்சேன்.

கடைக்குப் போய்க் குடுக்க பயம். தபால் கந்தோர்ல பதிவுத் தபால்ல போட்டேன். கவுண்டர்ல இருந்தவரு முகவரியப் பாத்துட்டு, "இந்தா இருக்கே கடை, ரெண்டு தெரு தள்ளி, நடந்தே போகலாமே" அப்படின்னாரு. "பரவால்ல சேர், பதிவுலயே போடுங்க"ன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டு ஸ்டாம்ப ஒட்டினாரு. அந்தப் பத்துச்சீட்டு இன்னும் என் பேர்ஸ்ல இருக்கு. 11 நாள் காசு வந்துச்சு, கடைல வேல செய்ற பையன்கிட்ட குடுத்து விட்டாங்க.

எழுத்துல ஒண்ணுமே இல்லாதப்ப நோட்டீஸ் காசு கேட்டிருந்தா நான் குடுக்கணுமா இல்லயா? யாராச்சும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

100ஆம் நம்பர் பஸ்

குடுக்கத் தேவையில்லை, பேப்பர் இல்லாட்டி ஒண்டும் இல்லை.

பழைய எச்.ஆர்.

தம்பி, அப்படி ஒரேயடியாகச் சொல்ல வேண்டாம். பேப்பர் இல்லாவிட்டாலும் வேலை உறவு இருந்ததுதானே. அந்தக் கடைக்காரர் கேட்கவில்லை, தங்கச்சி அதோடு விட்டுவிடுங்கள். அந்த இரண்டு வருடமும் ஈ.பி.எஃப். கட்டினார்களா என்று பாருங்கள், அதுதான் பெரிய கேள்வி. கையில் சம்பளம் என்றால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தில் அடையாள அட்டையைக் கொண்டுபோய் விசாரிக்கலாம்.

வெள்ளவத்தைக்காரி

ஐயா கேட்டதுக்கு வாறன். ஓம், ஒரு படிவம் தந்தவை. லப்டொப் வாங்கினது, கார்ட் வாங்கினது எண்டு டிக் போடுற தாள். அடியில காரணத்துக்கு ஒரு வரி, ஏற்கெனவே பிரிண்ட் ஆகியிருந்தது. நான் கையெழுத்து வைச்சிட்டன். மேல இருந்த டிக்குகளைத்தான் பார்த்தனான்.

வழக்குப் போடுற எண்ணம் இல்லை. ஆனா லெட்டரில காசைப் பற்றி எழுதின அந்த ஒரு வரி பிறகு உதவினது, அதைச் சொல்லோணும். இறுதிக் கணக்குச் சீட்டு வரேக்க நோட்டீசுக்கு 78,000 வெட்டியிருந்தவை, என்ர முழுச் சம்பளம். நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்தன். "ஒரு மாத அடிப்படைச் சம்பளம்" எண்டு தெளிவா இருக்கு. அடிப்படை 62,000, மிச்சம் போக்குவரத்துப் படியும் மற்றதும். கோபம் வந்தது, ஆனா லெட்டர் எழுதின கையாலயே எழுதினன்: "நியமனக் கடிதத்தின் 9ஆம் பந்தியைத் தயவுசெய்து பார்க்கவும். கழிக்கப்பட்ட தொகைக்கும் அதில் உள்ளதற்கும் 16,000 வித்தியாசம் உள்ளது." வேற ஒரு சொல்லும் இல்லை. அஞ்சாம் நாள் காசு பாங்கில விழுந்தது, பதில் ஈமெயில் வரேல்லை.

சேவைச் சான்றிதழும் வந்திட்டு. பதவி சரி, பேர் சரி. விலகின திகதி மட்டும் 14க்குப் பதிலா 31 எண்டு இருக்கு. புது இடத்தில நான் 20ஆம் திகதி சேர்ந்தனான். திருத்திக் கேக்கிறதோ, அப்பிடியே விடுறதோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கிறன். கேட்டா அந்தப் பிள்ளைதான் எடுத்துப் பேசுவா.

தெமட்டகொட நானா

கேளுங்க தங்கச்சி. எனக்கு அந்த 31 கிடைச்சிருந்தா அஞ்சு வருசத்துக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட போயிருப்பேன்.

பழைய எச்.ஆர்.

கேளுங்கள். ஈ.பி.எஃப்.இல் அந்த மாதத்துக்கு இரண்டு கொம்பனியின் பெயரும் வரும், அது பரவாயில்லை. ஆனால் சான்றிதழில் 31 என்றும் புது நியமனக் கடிதத்தில் 20 என்றும் இருந்தால் பிறகு யாராவது கேட்பார்கள். "விலகிய திகதி 14, எனது கடிதத்தின் பிரதி இணைப்பு" என்று மட்டும் எழுதுங்கள்.

வெள்ளவத்தைக்காரி

சரி ஐயா. இந்த முறை "காரணம்?" எண்டு பெட்டி வந்தா என்ன சொல்றது எண்டும் தெரியும்.