சலுகைக்காலம் முடிந்தபின் கடன் நிலுவை ஒரு இலட்சம் கூடியிருந்தது: உங்களுக்கும் நடந்ததா?

உப்புவெளி விடுதிக்காரி

கொரோனாக் காலத்தில் கடன் தவணைக்குச் சலுகை வாங்கியவர்கள் நம் கடற்கரையில் ஏராளம். என் சிறிய விடுதியின் கடனுக்கும் ஆறு மாதச் சலுகை கிடைத்தது. வெள்ளைக்காரப் பயணி ஒருவர்கூட நிலாவெளிப் பக்கம் வராத அந்த நாட்களில் அது பெரிய உதவிதான். அதில் எனக்குக் குறையில்லை. சலுகை முடிந்தபின் வங்கி போட்ட கணக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் சொந்தத் தொகையை இங்கே போட விருப்பமில்லை. விளங்குவதற்காக முழு எண்ணாக எடுக்கிறேன். சலுகை தொடங்கிய அன்று கட்டவேண்டிய முதல் 10 இலட்சம் ரூபா, ஆண்டு வட்டி 12 வீதம், மீதம் 48 தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை 26,334 ரூபா வரும்.

ஆறு மாதம் முடிந்ததும் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. கட்டாமல் விட்ட ஆறு தவணைகளும், அதாவது 158,004 ரூபா, தனிக் கடனாக மாற்றப்பட்டிருக்கிறது என்றார்கள். சரி, கட்டாததைக் கட்டத்தானே வேண்டும் என்று கையெழுத்து வைத்தேன். இனிப் பழைய கடனுக்கு ஒரு தவணை, புதிய கடனுக்கு ஒரு தவணை.

அதன்பின் பழைய கடனின் கணக்குக்கூற்றை எடுத்துப் பார்த்தபோது ஓர் இடத்தில் கண் நின்றுவிட்டது. சலுகைக்கு முந்திய மாதம் வட்டி நிரலில் ஏறக்குறைய 10,000 ரூபா. சலுகை முடிந்து நான் கட்டிய முதல் தவணையிலும் அதே 10,000 ரூபா வட்டி. ஆறு தவணையைத் தனியாக எடுத்து வேறு கடனாக்கிவிட்டார்கள் என்றால், பழைய கடனின் முதல் குறைந்திருக்க வேண்டும், வட்டியும் குறைந்திருக்க வேண்டும். இரண்டும் அசையவேயில்லை. கடன் முடியும் திகதியோ ஆறு மாதம் தள்ளிப்போயிருந்தது.

அதாவது அந்த ஆறு தவணையையும் புதிய கடனில் ஒருமுறை கட்டி, பழைய கடனின் வாலில் இன்னொருமுறை கட்டவேண்டும். இதை முகப்பில் இருந்த பிள்ளையிடம் சொன்னால், "சலுகைக்கால வட்டி சேர்ந்திருக்கிறது அக்கா, எல்லோருக்கும் அப்படித்தான்" என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. வட்டி சேரும் என்பது எனக்கும் தெரியும். 10 இலட்சத்துக்கு ஆறு மாத வட்டி 60,000 ரூபா. 158,004 எப்படி வரும்?

உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

ஓய்வுபெற்ற கடன் பிரிவு

தங்கச்சி, நீங்கள் பிடித்த இடம் சரியான இடம். நான் வேலை செய்த காலத்தில் இதே பிழையை வேறு கிளைகளின் கோப்புகளிலும் பார்த்திருக்கிறேன். எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

உங்கள் 26,334 ரூபாத் தவணைக்குள் வட்டியும் இருக்கிறது, முதலும் இருக்கிறது. ஆறு தவணையைப் பிரித்தால் வட்டி 57,517 ரூபா, முதல் 100,487 ரூபா. அந்த முதல் ஏற்கெனவே உங்கள் 10 இலட்சத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆறு தவணையை முழுதாகத் தனிக் கடனாக்கினால், அந்தப் புதிய கடன் பணம் பழைய கணக்குக்குள் வந்து, ஆறு தவணையும் கட்டியதாகப் பதிவாக வேண்டும். அப்போது பழைய கணக்கின் முதல் 899,513 ரூபாவாக இறங்கும். இரண்டு கணக்கையும் கூட்டினால் 1,057,517 ரூபா.

உங்கள் விடயத்தில் புதிய கடன் திறக்கப்பட்டிருக்கிறது, அதன் பணம் பழைய கணக்குக்கு வந்து சேரவில்லை. பெரும்பாலும் கிளையின் தொங்கல் கணக்கில், அதாவது உரிய கணக்கில் சேரும்வரை பணத்தை நிறுத்திவைக்கும் இடத்தில், நின்றிருக்கும். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்றிய காலம் அது. கணினி பழைய கடனை வெறுமனே ஆறு மாதம் தள்ளிவைத்துவிட்டது. கூட்டுத்தொகை 1,158,004 ரூபாவாகிவிட்டது. கூடியிருப்பது சரியாக அந்த 100,487 ரூபா.

ஆகவே எவரும் முதலில் பார்க்கவேண்டியது கடன் முடியும் திகதி. திகதி தள்ளிப்போயிருந்தால், தனியாகவோ நிலுவையோடு சேர்த்தோ வரக்கூடியது சலுகைக்கால வட்டி மட்டும்தான். முழுத் தவணைகளும் தனிக் கடனாகியிருந்தால் பழைய கடன் பழைய திகதியிலேயே முடியவேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்திருந்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

மூதூரான்

ஐயா சொல்வது சரி, ஆனால் அடிப்படையே பிழை. சலுகைக்காலம் என்றால் வட்டியும் நிற்கவேண்டும். வட்டிக்கு வட்டி போடுவது அநியாயம். நான் என் வங்கியில் இதைச் சொல்லித்தான் சண்டை பிடித்தேன், தண்ட வட்டியைக் கழித்தார்கள்.

ஓய்வுபெற்ற கடன் பிரிவு

தம்பி, அவர்கள் கழித்தது தண்ட வட்டி. அது நியாயமான கழிவு. சலுகை கொடுத்த மாதங்களைத் தவறிய மாதங்களாக எண்ணித் தண்டம் போட முடியாது. கணினி தானாகப் போட்டிருக்கும், நீங்கள் கேட்டதால் எடுத்தார்கள். சாதாரண வட்டி வேறு. தவணை நின்றாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும், சலுகைக் கடிதம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால்.

வட்டிக்கு வட்டி பற்றி: சேர்ந்த 60,000 ரூபாவைச் சலுகை முடிந்த அன்று நிலுவையோடு சேர்த்தால் 1,060,000 ரூபா. மாதாமாதம் சேர்த்துக்கொண்டே போனால் 1,061,520 ரூபா. எந்த முறை என்பது நீங்கள் கையெழுத்து வைத்த கடிதத்தைப் பொறுத்தது. நாட்கணக்கில் வட்டி போடும் வங்கியில் இன்னும் சில நூறு ரூபா ஏறும், இறங்கும். அந்தச் சில்லறைக்காகச் சண்டை பிடிக்கவேண்டாம். இலட்சக் கணக்கில் வித்தியாசம் வந்தால் விடவேண்டாம்.

மூதூரான்

கடிதத்தில் என்ன எழுதினாலும் சரியாகிவிடுமா ஐயா? எங்கள் மக்களில் எத்தனை பேர் அந்த ஆங்கிலக் கடிதத்தை வாசித்துக் கையெழுத்து வைத்தார்கள்? இதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

கிண்ணியா முச்சக்கரம்

என் கதை லீசிங். மாதம் 14,500 ரூபா, 30 தவணை மீதம் இருந்தது. நிலுவை 435,000 ரூபா என்று தாளில் இருந்தது. சலுகை முடிந்ததும் 470,000 ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே போய்விட்டது. விடுதிக்கார அக்கா சொன்ன மாதிரி முதல், வட்டி என்று நிரல் எதுவும் என் தாளில் இல்லை. இது சரியா பிழையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓய்வுபெற்ற கடன் பிரிவு

உங்கள் தாளில் உள்ள 435,000 ரூபா கடன் முதல் அல்ல. இனி வரவேண்டிய 30 தவணைகளின் கூட்டு, எதிர்கால வட்டியும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதை வைத்து வட்டியைச் சரிபார்க்க முடியாது.

நிறுவனத்திடம் இரண்டு தொகையை எழுத்தில் கேளுங்கள்: சலுகை தொடங்கிய அன்று முழுவதையும் கட்டி முடித்திருந்தால் எவ்வளவு, சலுகை முடிந்த அன்று கட்டி முடித்திருந்தால் எவ்வளவு. முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் இருந்தால் அதை நீக்கிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முதற்தொகைக்கு ஆறு மாத வட்டியளவில் இருக்கவேண்டும். அந்த எண்கள் கையில் வராமல் 470,000 பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன்.

கிண்ணியா முச்சக்கரம்

கேட்டேன் நானா. "அப்படிப் பழைய திகதிக்குத் தரமுடியாது" என்கிறார்கள்.

சாம்பல்தீவு மலர்

என் தாலிக்கொடி அடகில் இருக்கிறது. அதற்கும் இந்தக் கணக்குத்தானா? ஆறு மாதம் வட்டி கட்டவில்லை.

உப்புவெளி விடுதிக்காரி

அது வேறு, மலர். அடகுக்கு மாதத் தவணை அட்டவணை இல்லை. தவணைக்காலம் முடிந்தால் ஏலத்துக்குப் போகும். இதை வாசித்துக்கொண்டிருக்காமல் நாளைக்கே சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் கடைசித் திகதியைக் கேளுங்கள். வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

ஐயா, உங்கள் விளக்கத்தை வைத்து முகாமையாளருக்குக் கடிதம் எழுதினேன். வேறு எதையும் சேர்க்காமல் மூன்று கேள்வி மட்டும்: புதிய கடனின் 158,004 ரூபா எந்தத் திகதியில் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது? அதன்பின் பழைய கடனின் முதல் எவ்வளவு? பழைய கடன் முடியும் திகதி ஏன் மாறியது? இரண்டு கணக்கின் கூற்றையும் இணைத்து, பிரதியில் முத்திரையும் வாங்கிக்கொண்டேன்.

முன்பு முகப்பில் கேட்டபோது வந்த பதில் இந்த முறை வரவில்லை. முகாமையாளரே கூப்பிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். பணம் நீங்கள் சொன்ன இடத்தில்தான் நின்றது. பழைய கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள், முடியும் திகதியும் பழையபடி வந்துவிட்டது.

ஒரு விடயம் மட்டும் முடியவில்லை. திருத்தும்வரை நான் கட்டிய ஒவ்வொரு தவணையிலும் அந்த 100,487 ரூபாவுக்கும் சேர்த்து வட்டி எடுத்திருக்கிறார்கள். மாதம் 1,000 ரூபாவுக்குச் சற்று மேல். வரவை இன்றைய திகதியில் வைத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற கடன் பிரிவு

இன்றைய திகதியில் வைத்தால் அந்த வட்டி உங்களுக்குத் திரும்ப வராது. புதிய கடன் திறந்த திகதிக்கே பின்தேதியிட்டு வரவு வைத்து, அன்றிலிருந்து வட்டியை மீளக் கணிக்கும்படி இன்னொரு கடிதம் கொடுங்கள். கிளையால் தனியாகச் செய்யமுடியாமல் இருக்கலாம், தலைமையகத்தின் அனுமதி தேவைப்படும். அதனால் கடிதத்தில் அந்த வார்த்தைகளையே எழுதுங்கள்.

அவர்கள் மறுத்தாலோ பதில் தராமல் இழுத்தாலோ மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்குப் போகலாம், தொலைபேசி 1935. முதலில் உங்கள் வங்கியிடம் எழுத்தில் முறையிட்டிருக்கவேண்டும். முத்திரை வைத்த பிரதி அங்கேதான் உதவும். கிண்ணியாத் தம்பி, உங்கள் நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதிபெற்ற நிறுவனம் என்றால் உங்களுக்கும் அதே வழிதான். வாயால் கேட்டதை இன்று எழுத்தில் கேளுங்கள்.

தம்பலகாமம் ஆசிரியை

என் கடனில் வட்டியை நிலுவையோடு சேர்த்துத் தவணையைக் கூட்டாமல் விட்டார்கள். அதே 26,000 சொச்சம்தான், அதனால் எதையும் பார்க்கவில்லை. இப்போது ஐயாவின் எண்களை வைத்துப் போட்டுப் பார்க்கிறேன்: நிலுவை 1,060,000 ரூபாவாகி, தவணை மாறாவிட்டால், 48 தவணை 52 ஆகிறது. சலுகையின் ஆறு மாதத்தோடு சேர்த்தால் கடன் முடிவது பத்து மாதம் தள்ளிப்போகிறது. எனக்கு அதற்குள் ஓய்வு வயது வந்துவிடும், சம்பளத்தில் கழிப்பதற்குச் சம்பளம் இருக்காது. பிணை நின்ற இருவரிடமும் புதிய திகதிக்குக் கையெழுத்து வாங்கவும் இல்லை. அவர்கள் இன்னும் பிணைதானா?

ஓய்வுபெற்ற கடன் பிரிவு

கணக்கு சரி, டீச்சர். பிணையாளர் பற்றியது பிணைப் பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்தது. "கால நீடிப்பு கொடுத்தாலும் பொறுப்பு நீங்காது" என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுவது நல்லது. கடைசித் திகதியைப் பற்றி இப்போதே வங்கியிடம் பேசுங்கள். மாதம் 27,914 ரூபா கட்டினால் 48 தவணையிலேயே முடியும். ஓய்வுக்கு முன் முடிக்க அது போதுமா என்று உங்கள் திகதியை வைத்துப் பாருங்கள்.